ஃபைட்டர் மீன் தளத்துக்கு நீண்ட தேடுசொற்களைத் திரட்டும்போது வரும் சிக்கல்களும் அவற்றை நீக்கும் வழியும்

ஃபைட்டர் மீன் வளர்ப்பைப் பற்றி மட்டுமே பேசும் ஒரு சிறிய தமிழ்த் தளத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அந்த மீனின் பெயரை மட்டும் தேடுபவருக்கு முன்னால் கடைகள், கலைக்களஞ்சியங்கள், காணொளிகள் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். அவற்றுக்கு நடுவே புதிய தளம் ஒன்று நுழைய வழியில்லை. ஆனால் மீன் இரண்டு நாளாக உணவைத் தொடாமல் தொட்டியின் அடியில் கிடப்பதைப் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குக் கைபேசியை எடுப்பவர், நான்கைந்து சொற்களில் தம் கவலையை அப்படியே தட்டச்சிடுகிறார். அந்த நான்கைந்து சொற்கள்தான் லாங் டெயில் கீவேர்ட் எனப்படும் நீண்ட தேடுசொல். அவரவர் வாயில் வரும் வடிவத்திலேயே அதைப் பிடிப்பதற்குக் கூகுள் தேடல் பெட்டியின் கீழே விரியும் பரிந்துரைப் பட்டியலும், கேள்வி வடிவிலான சொற்றொடர்களும் போதும். காசு கொடுத்து எந்தக் கருவியையும் வாங்க வேண்டியதில்லை.

முறை எளிதாகத் தோன்றினாலும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் பார்த்துத் தமிழுக்கு அதை அப்படியே பொருத்துபவர்கள் முதல் வாரத்திலேயே சில இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன். எந்த அறிகுறி தென்பட்டால் எங்கே பார்க்க வேண்டும் என்ற வரிசையில் அவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். தொடங்கும் முன் ஒரு விரிதாளைத் திறந்து, சொற்றொடர், எழுத்து வடிவம், கண்ட இடம், கண்ட நாள், சேர வேண்டிய பக்கம் என்று ஐந்து பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். கண்ட நாளைக் குறிக்கும் பத்தி இப்போது வீணாகத் தோன்றும். அது எதற்கு என்பது பின்னால் வரும்.

அறிகுறி: பட்டியலில் விலையும் கடையும் மட்டுமே வருகின்றன

`fighter fish` என்று தட்டச்சிட்டதும் கீழே விரிவது பெரும்பாலும் விலை, நிறம், படம், அருகிலுள்ள கடை ஆகியவைதான். இது பிழையன்று. நீங்கள் தட்டச்சிட்ட முன்னொட்டுக்கு மிகப் பலர் தேடுவது எதுவோ அதையே அந்தப் பட்டியல் காட்டுகிறது. கணினியில் அது அதிகபட்சம் பத்து வரிகளே காட்டும். வாங்க விரும்புவோர் வளர்ப்போரைவிட எப்போதும் அதிகம் என்பதால் அந்தப் பத்து வரிகளும் அவர்களுக்கே போய்விடுகின்றன.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து, பெயருக்குப் பின்னால் a, b, c என்று ஓர் எழுத்தைச் சேர்த்துச் சேர்த்துப் பார்ப்பது. அதில் ஓரளவு பயன் உண்டு, ஆனால் அயர்ச்சியும் உண்டு. எழுத்துகளுக்குப் பதிலாக மீனுக்கு நேரும் நிலைகளைச் சேர்ப்பதே எனக்கு நல்ல விளைச்சலைத் தந்த வழி. ஃபைட்டர் வளர்ப்பவர் கண்ணால் என்னென்ன பார்ப்பார் என்று யோசியுங்கள். மீன் அடியில் கிடக்கும், மேலே வந்து காற்றை விழுங்கும், வால் கிழியும், நிறம் மங்கும், வயிறு உப்பும், உடலில் வெள்ளைப் புள்ளி தோன்றும், நீர்ப்பரப்பில் நுரைக்கூடு கட்டும். ஆகவே `fighter fish bottom`, `fighter fish white`, `fighter fish bubble`, `ஃபைட்டர் மீன் வால்`, `ஃபைட்டர் மீன் வயிறு` என்று கேட்டுப் பார்த்தால் விலைப் பட்டியல் விலகி, வளர்ப்பவரின் பேச்சு தலைகாட்டும்.

இங்கே பொருளறிவுதான் கைகொடுக்கும், கருவியறிவு அன்று. ஃபைட்டர் மீனுக்குச் செவுளோடு லாபிரிந்த் என்ற கூடுதல் மூச்சுறுப்பும் இருப்பதால் அது மேலே வந்து காற்றை எடுப்பது இயல்பு. புதிதாக வளர்ப்பவர் அதை மூச்சுத்திணறல் என்று எண்ணிப் பதறுவார். நுரைக்கூடும் அப்படித்தான். பெண் மீனே இல்லாத தொட்டியில் ஆண் மீன் கூடு கட்டினால், தண்ணீர் கெட்டு நுரைக்கிறது என்று நினைத்து முழுத் தண்ணீரையும் மாற்றிவிடுபவர்கள் உண்டு. இந்த இரண்டு பதற்றங்களும் எந்த எழுத்து வரிசையிலும் தாமாக வந்து நிற்பதில்லை. அவற்றை அறிந்தவர் தேடினால்தான் கிடைக்கும்.

அறிகுறி: கேள்விச் சொல்லை முதலில் போட்டால் ஒன்றும் வரவில்லை

தமிழ்த் தளம் நடத்துபவர்கள் அதிகமாக முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஆங்கில வழிகாட்டிகள், `why`, `how`, `can`, `does` ஆகியவற்றை மீனின் பெயருக்கு முன்னால் போட்டுப் பார்க்கச் சொல்கின்றன. ஆங்கிலத்தில் கேள்விச் சொல் வாக்கியத்தின் தலையில் வருவதால் அந்த உத்தி அங்கே செல்லும். அதைத் தமிழாக்கி `ஏன் ஃபைட்டர் மீன்` என்றோ `எப்படி ஃபைட்டர் மீன்` என்றோ தட்டச்சிட்டால் பட்டியல் காலியாக நிற்கும், அல்லது தொடர்பில்லாத எதையோ காட்டும். கேள்வியே இல்லை என்று முடிவு செய்து பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

தமிழில் கேள்வி அங்கே இருப்பதில்லை. தமிழர் பொருளை முதலில் சொல்லி, நிலையை அடுத்துச் சொல்லி, கேள்வியைக் கடைசியில் வைப்பார்கள். அந்தக் கேள்வியும் பெரும்பாலும் தனிச் சொல்லாக வராது. வினையின் வாலில் ஒட்டிய ‘ஆ’ என்ற ஓசையாக வரும். சாப்பிடுமா, வைக்கலாமா, தேவையா, இறந்துவிடுமா என்பவைதான் நம் மொழியின் கேள்விச் சொற்றொடர்கள். எந்தக் கேள்விக் குறிப்பும் இல்லாமல் நிலையை மட்டும் அறிவித்துவிட்டு நிறுத்துபவர்களும் ஏராளம். `fighter meen sapidala` என்பது இலக்கணப்படி கேள்வியே அல்ல. ஆனால் தட்டச்சிட்டவர் மனத்தில் `ஏன், என்ன செய்வது` என்ற இரண்டு கேள்விகளும் அதற்குள் இருக்கின்றன.

ஆகவே உத்தியைத் தலைகீழாக்க வேண்டும். மீனின் பெயரை முதலில் வைத்து, அடுத்து ஒரு பெயர்ச்சொல்லை வைத்து, அதன்பின் ஓர் இடைவெளி விட்டுக் காத்திருங்கள். `fighter fish thanni` என்று நிறுத்தினால், அதற்குப் பின்னால் எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுவது என்ற திசையில் பட்டியல் நகர்கிறதா என்று பார்க்கலாம். பட்டியல் நகரவில்லையென்றால் வினையின் முதல் இரண்டெழுத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள்: `fighter fish thanni ma`, `fighter fish thanni ev`. முழு வினையையும் நீங்களே தட்டச்சிட்டுவிட்டால், மக்கள் அந்த வினையை எந்த வடிவத்தில் முடிக்கிறார்கள் என்று அறியும் வாய்ப்பு போய்விடுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. வாக்கியத்தின் முடிவை முதலில் தட்டச்சிட்டு, பிறகு சுட்டியை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் வையுங்கள். எடுத்துக்காட்டாக `ஒரே தொட்டியில் வைக்கலாமா` என்று எழுதி, முன்னால் ஓர் இடைவெளி விட்டு, அங்கே சுட்டியை வைத்துப் பெயரைத் தொடங்குங்கள். சுட்டி நிற்கும் இடத்தைக் கூகுள் கணக்கில் எடுப்பதால், சில சமயம் முன்னால் நிரப்பக்கூடிய சொற்களைக் காட்டும். ஃபைட்டரோடு கப்பி மீனை வைப்பதா, நத்தையை வைப்பதா, இரண்டு ஆண் ஃபைட்டர்களை வைப்பதா என்ற வேறுபாடு இந்த வழியில்தான் எனக்குத் தெளிந்தது. எல்லாச் சொற்களுக்கும் இது வேலை செய்யாது. இரண்டு முறை பார்த்துவிட்டு வராவிட்டால் விட்டுவிடலாம்.

தேடல் முடிவுகளின் நடுவே வரும் `People also ask` பெட்டியையும் மறக்க வேண்டாம். அதில் ஒரு கேள்வியைத் திறந்தால் அடியில் மேலும் சில கேள்விகள் சேரும். ஆனால் தமிழ்த் தேடலுக்கு அந்தப் பெட்டி பல நேரங்களில் வருவதே இல்லை. ஆங்கிலத் தேடலுக்கு வரும் கேள்விகளோ அமெரிக்காவில் ஹீட்டர் வாங்குபவரின் கேள்விகளாக இருக்கும். அவற்றைப் பொருளுக்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, சொல் வடிவத்தைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்தே எடுங்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்தில் இரண்டு வரி, ஆங்கில எழுத்தில் பத்து வரி

ஒரே சொல்லைத் தமிழ் எழுத்தில் கொடுத்தால் பட்டியல் மெலிந்தும், அதையே ஆங்கில எழுத்தில் கொடுத்தால் கொழுத்தும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தங்லிஷில் தட்டச்சிடுவோர் அதிகம் என்பதே இதன் பொருள். இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் எழுத்தில் தேடுபவர்கள் ஒரே பெயரைப் பல வடிவங்களில் எழுதுவதால், ஒவ்வொரு வடிவத்துக்கும் சேர வேண்டிய எண்ணிக்கை சிதறிப் போகிறது. ஆய்த எழுத்துக்கான விசையைத் தேடித் தொட எல்லோருக்கும் பொறுமை இருப்பதில்லை; ஆகவே `ஃபைட்டர் மீன்` என்பதோடு `பைட்டர் மீன்` என்பதும் வரும். அதற்கு மேல் `சண்டை மீன்`, `பெட்டா மீன்`, `பீட்டா மீன்`, தங்லிஷில் `fighter meen`, `fighter fish` என்று ஏழு விதைச் சொற்களையாவது தனித்தனியே கேட்டுப் பார்க்க வேண்டும். யூடியூப் தேடல் பெட்டியிலும் இவற்றையே கேளுங்கள். வளர்ப்பு மீன் போன்ற கண்ணால் பார்த்துக் கற்கும் பொழுதுபோக்குகளில் அங்கே வரும் பரிந்துரைகள் வேறாகவும், பல நேரம் நீளமாகவும் இருக்கின்றன.

இதைப் பார்த்ததும் எழும் ஆசை, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பக்கம் எழுதிவிடலாம் என்பது. அப்படிச் செய்யாதீர்கள். வடிவங்கள் ஏழு, கவலை ஒன்று. தலைப்பும் உள்ளடக்கமும் தமிழ் எழுத்தில் இருக்கட்டும். பக்கத்தின் முகவரியில் ஆங்கில எழுத்து வடிவமும், முதல் பத்தியில் மற்றப் பெயர்களில் ஒன்றிரண்டும் இயல்பாக இடம்பெறட்டும். அதன்பின் இரண்டு வடிவங்களையும் தனித்தனியே தேடி, வரும் முடிவுகளை ஒப்பிடுங்கள். தங்லிஷ் தேடலுக்குக் காணொளிகள் மட்டுமே வருகின்றன என்றால், அந்தத் தேடலில் எழுத்துப் பக்கம் ஒன்றுக்கு இப்போதைக்கு இடமில்லை என்று புரிந்துகொண்டு, தமிழ் எழுத்து வடிவத்தில் கவனம் வைப்பது மேல்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் வேறு பட்டியல், அல்லது பட்டியலில் குப்பை எழுத்துகள்

உங்கள் கணினியில் ஒன்று, நண்பரின் கைபேசியில் ஒன்று என்று பட்டியல் மாறினால், முதலில் உங்கள் பழைய தேடல்களைச் சந்தேகியுங்கள். பல நாள் மீன் பற்றியே தேடிவந்த உலாவி, உங்கள் வரிகளையே உங்களுக்குத் திருப்பிக் காட்டும். மறைமுகச் சாளரத்தில், கணக்கில் நுழையாமல் தேடினால் இது நீங்கும். இடமும் மொழியும் அப்போதும் பட்டியலைப் பாதிக்கும். ஆகவே திரட்டும் பணியை ஒரே இடத்தில், ஒரே மொழி அமைப்பில் செய்து முடியுங்கள்.

கையால் தட்டச்சிட்டு அலுத்தவர்கள் கீழுள்ள முகவரியை உலாவியில் திறக்கலாம். `q=` என்பதற்குப் பின்னால் விதைச் சொல்லைப் போட்டால், பரிந்துரைகள் சதுர அடைப்புக்குறிகளுக்குள் பட்டியலாக வந்து நிற்கும்.

```
https://suggestqueries.google.com/complete/search?client=firefox&hl=ta&gl=in&ie=utf8&oe=utf8&q=fighter+meen
```

`hl` மொழியையும் `gl` நாட்டையும் குறிக்கின்றன. கடைசியில் `&ds=yt` என்று சேர்த்தால் யூடியூப்பின் பரிந்துரைகள் கிடைக்கும். தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாக `à®®` போன்ற குப்பை வந்தால், `oe=utf8` விடுபட்டிருக்கிறது, அல்லது வந்த பதிலை உங்கள் நிரல் வேறொரு குறிமுறையில் படித்திருக்கிறது. தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள் எடுக்கும். அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்துகளாகப் படித்தால் இந்தக் குப்பைதான் மிஞ்சும். ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்த முகவரி கூகுள் அதிகாரபூர்வமாக வழங்கும் சேவையன்று. கையால் சில பத்து முறை திறந்து பார்க்கலாம்; நிரல் எழுதி நூற்றுக்கணக்கில் தட்டினால் கதவு சாத்தப்படும், அதில் முறையிட இடமில்லை.

திரட்டியதை விரிதாளில் கொட்டியபின் இன்னொரு விந்தை தென்படும். `தொட்டி` என்ற சொல் உள்ள ஒரே சொற்றொடர் இரண்டு வரிகளில் இருக்கும். கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. இரட்டைகளை நீக்கும் கட்டளையோ இரண்டையும் விட்டுவைக்கும். இதற்குக் காரணம் `தொ` என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுத முடிவதுதான். கொம்பும் காலும் சேர்ந்த ஒற்றைக் குறியாக U+0BCA என்று ஒரு விசைப்பலகை எழுதும். கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் U+0BC6, U+0BBE என்று இன்னொன்று எழுதும். சில நேரம் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியோ கடைசியில் ஓர் இடைவெளியோ ஒட்டிக்கொண்டிருக்கும். பைத்தான் தெரிந்தவர்களுக்குச் சில வரிகளில் தீர்வு இருக்கிறது.

```python
import re, unicodedata
def clean(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    s = re.sub("[\u200b-\u200d\ufeff]", "", s)
    return " ".join(s.split())
```

ஔகாரத்தில் கொம்போடு ளகரத்தைத் தட்டச்சிடும் பழக்கத்தை மட்டும் இது திருத்தாது. அது வேறு எழுத்து என்பதால் கண்ணால் பார்த்துத்தான் களைய வேண்டும்.

அறிகுறி: கீவேர்ட் பிளானர் பூஜ்யம் என்கிறது

திரட்டிய நீண்ட தேடுசொற்களைக் கீவேர்ட் பிளானர் என்ற கூகுளின் விளம்பரத் திட்டக் கருவியில் ஒட்டினால் எண்ணிக்கை பூஜ்யமாகவோ வெறும் கோடாகவோ வரும். அந்தக் கருவி விளம்பரம் கொடுப்பவருக்காகச் செய்யப்பட்டது. நெருங்கிய வடிவங்களைச் சேர்த்துக் கட்டும், விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்காத கணக்குகளுக்கு அகலமான வரம்பை மட்டும் காட்டும், மாதத்துக்குச் சில பேர் தேடுவதைப் பொருட்படுத்தாது. நம் தளத்துக்கோ அந்தச் சில பேர்தான் வாசகர்கள். எனவே பூஜ்யம் என்பதால் மட்டும் எதையும் ஒதுக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறான பிழையையும் சொல்லிவிட வேண்டும். பட்டியலில் வந்துவிட்டது என்பதாலேயே ஒரு சொற்றொடரை மக்கள் முழுவதுமாகத் தேடியிருக்கிறார்கள் என்று கொள்ள முடியாது. 2020இல் கூகுள் தன் பரிந்துரைகள் உருவாகும் முறையை விளக்கியபோது, நீளமான தேடல்களில் முழுத் தேடலையும் முன்னறிவதற்குப் பதிலாகத் தனிச் சொற்களையோ தொடர்களையோ, உண்மைத் தேடல்களோடு இணையத்தில் காணும் சொற்கோவைகளையும் கொண்டு முன்னறிவதுண்டு என்று சொன்னது. நான்காம் ஐந்தாம் சொல்லில் வரும் பரிந்துரைகளை அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். எனக்கு ஒத்துவரும் சோதனை எளியது. ஒரே கவலை வேறு எழுத்து வடிவத்திலோ யூடியூப்பிலோ இன்னொரு முறை தலைகாட்டுகிறதா என்று பார்ப்பேன். இரண்டு இடங்களில் கண்டால் எழுதுவேன், ஓரிடத்தில் மட்டும் கண்டால் நாளைக் குறித்துவைத்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பேன். ஏதோ ஒரு காணொளி பரவியதால் எழுந்த பரிந்துரைகள் பல நேரம் அதற்குள் மறைந்துவிடும்.

அறிகுறி: பக்கங்கள் எழுதியாகிவிட்டது, ஆனால் ஒன்றையொன்று தள்ளுகின்றன

இதுதான் மிகவும் தாமதமாகத் தெரியவரும் சிக்கல். எடுத்துக்காட்டாக, திரட்டிய விரிதாளில் கீழ்க்கண்ட ஐந்தும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: `ஃபைட்டர் மீன் சாப்பிடவில்லை`, `fighter meen sapidala`, `fighter fish food saapidama iruku`, `ஃபைட்டர் மீன் எத்தனை நாள் சாப்பிடாமல் இருக்கும்`, `புதிதாக வாங்கிய ஃபைட்டர் மீன் சாப்பிடவில்லை`. ஐந்துக்கும் ஐந்து பக்கம் எழுதினால் கூகுள் ஒரு நாள் ஒன்றையும் மறுநாள் இன்னொன்றையும் காட்டும், எதுவும் நிலைக்காது. ஐந்தையும் ஒரே பக்கத்தில் அடைத்தாலும் பிழைதான்.

பிரிப்பதற்குப் பொருளைப் பார்க்க வேண்டும். முதல் மூன்றும் ஒரே மனிதரின் ஒரே கவலை. அவை ஒரு பக்கம். நான்காவதைக் கேட்பவருக்கு மீன் நலமாக இருக்கிறது. அவர் ஊருக்குப் போகிறார். பொங்கலுக்கு நான்கு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாமா என்பதே அவர் கேள்வி. நலமான வளர்ந்த மீன் ஒரு வாரம் உணவில்லாமல் தாங்கும் என்பதும், கிளம்பும் முன் அள்ளிப் போட்டுவிட்டுப் போனால் மிஞ்சிய உணவு அழுகித் தண்ணீரைக் கெடுக்கும் என்பதும்தான் அவருக்கு வேண்டிய விடை. நோய்க் காரணங்களை அடுக்கும் பக்கத்தில் அவர் ஒரு நிமிடம்கூட நிற்கமாட்டார். ஐந்தாவதில் எனக்கே தயக்கம் இருந்தது. கடையிலிருந்து வந்த மீன் புதிய தண்ணீருக்குப் பழக ஓரிரு நாள் எடுப்பது இயல்பு என்பதால், விடை முதல் பக்கத்தின் விடையிலிருந்து வேறுபடுகிறது. ஆனாலும் நான்கு வரிக்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு வரிக்கு ஒரு பக்கம் தேவையில்லை. முதல் பக்கத்துக்குள் ஒரு துணைத்தலைப்பாக வைத்தால் போதும்.

தயக்கம் தீராத இடத்தில் தேடல் முடிவுகளையே நடுவராக வைக்கலாம். இரண்டு சொற்றொடர்களையும் மறைமுகச் சாளரத்தில் தேடி, முதல் பத்து முடிவுகளில் எத்தனை பொதுவாக வருகின்றன என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் பொதுவாக இருந்தால் ஒரு பக்கம்; ஒன்றிரண்டு மட்டும் பொதுவாக இருந்தால் இரண்டு பக்கம். நடுவில் விழுபவற்றுக்கு, விடை மாறுகிறதா என்ற முதல் கேள்விக்கே திரும்பிப் போங்கள். ஏற்கெனவே தனித்தனியாக எழுதிவிட்டவர்கள், அதிகம் காட்டப்படும் பக்கத்தை வைத்துக்கொண்டு மற்றதன் உள்ளடக்கத்தை அதில் சேர்த்து, பழைய முகவரியிலிருந்து 301 திருப்புதல் கொடுத்துவிட வேண்டும். வெறுமனே அழித்துவிட்டால் அதற்குக் கிடைத்த இணைப்புகள் வீணாகும்.

ஒருங்கிணைத்த பக்கம் தொடங்க வேண்டிய முறையையும் சொல்கிறேன். முதல் இரண்டு வாக்கியங்களில் விடை வந்துவிட வேண்டும்: தண்ணீரின் வெப்பநிலையைப் பார், 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போயிருந்தால் மீன் சோர்ந்து உணவை மறுக்கும், தண்ணீர் பல நாள் மாற்றப்படாமல் இருந்தால் ஒரு பகுதியை மாற்று, வயிறு உப்பியிருந்தால் ஓரிரு நாள் உணவை நிறுத்து. ஃபைட்டர் மீனின் வரலாறும் தாய்லாந்துப் பெருமையும் வேறு பக்கத்துக்கு உரியவை. கேள்வி விடைப் பகுதிக்கு ஸ்கீமா என்ற குறிப்பு நிரலை எழுதி, தேடல் முடிவில் விரியும் கேள்விகளாக வரும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. 2023 ஆகஸ்டில் அந்த வசதியை நன்கு அறியப்பட்ட அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது.

அறிகுறி: சர்ச் கன்சோலில் கேள்விகள் அகப்படவில்லை

பக்கங்கள் சில மாதங்கள் நின்றபின், மக்கள் உண்மையில் எந்தச் சொற்களில் வந்தார்கள் என்பதை, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கை காட்டும். அங்கே தேடல்களை ரீஜெக்ஸ் என்ற எழுத்துக் கோலக் குறியீடு கொண்டு வடிகட்டலாம். ஆங்கிலத் தளங்களுக்காக எழுதப்பட்ட, `^(how|why|what)\b` போன்ற வடிகட்டியைத் தமிழாக்கிப் போட்டவர்கள் வெறும் அட்டவணையைப் பார்த்துத் திகைப்பார்கள். இதில் இரண்டு தவறுகள் ஒளிந்திருக்கின்றன. `^` குறி கேள்விச் சொல்லை வரியின் தலையில் தேடுகிறது. தமிழில் அது அங்கே இல்லை என்று முன்பே பார்த்தோம். `\b` என்ற சொல்லெல்லைக் குறியோ, சர்ச் கன்சோல் பயன்படுத்தும் ஆர்இ2 முறையில் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லாகக் கருதும். தமிழ் எழுத்துக்குப் பின்னால் அதற்கு எல்லையே தெரியாது. இரண்டையும் எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்:

```
ஏன்|எப்படி|எத்தனை|எவ்வளவு|என்ன|லாமா|மா$|யா$|eppadi|epdi|ethana|evlo|enna|lama$
```

`மா$` என்பது சாப்பிடுமா, இறந்துவிடுமா ஆகியவற்றைப் பிடிக்கும். வேறு வகைத் தளமாக இருந்தால் சினிமாவையும் அம்மாவையும் சேர்த்துப் பிடித்துவந்திருக்கும்; மீன் தளத்தில் அந்தத் தொல்லை இல்லை. கேள்விக் குறிப்பே இல்லாத அறிவிப்புகளுக்கு `வில்லை|ala$|iruku` என்று இன்னொரு வடிகட்டியைத் தனியே ஓட்டுங்கள். என் கணிப்பில் பயனுள்ளவை அதில்தான் அதிகம் சிக்கும்.

அட்டவணை வரிகளின் கிளிக்குகளைக் கூட்டினால் மேலே காட்டும் மொத்தத்தைவிடக் குறைவாக வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மிகச் சிலரே தேடிய தேடல்களைத் தனியுரிமைக்காக அந்த அறிக்கை அட்டவணையில் காட்டுவதில்லை. மொத்தத்தில் மட்டும் சேர்க்கும். நீண்ட தேடுசொல்லை நம்பும் சிறு தளத்தில் இப்படி மறைபவை கணிசமாகவே இருக்கும். அவற்றை அறிய வேறு வழியில்லாததால், எந்தப் பக்கத்துக்கு மொத்தத்துக்கும் வரிகளுக்கும் இடைவெளி அதிகமோ அந்தப் பக்கத்தின் விதைச் சொற்களை மீண்டும் பரிந்துரைப் பட்டியலில் கேட்டுப் பார்ப்பேன்.

கண்ட நாள் என்ற பத்திக்கு இப்போது வேலை வருகிறது. சென்னையில் மார்கழிக் குளிர் தொடங்கும்போது தொட்டித் தண்ணீர் குளிர்ந்து, ஃபைட்டர்கள் அடியில் படுக்கத் தொடங்கும். மே மாதம் திரட்டிய விரிதாளில் குளிர் தொடர்பான சொற்றொடர் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். அதே விதைச் சொற்களை டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மறுபடி கேட்டு, நாளைக் குறித்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சர்ச் கன்சோல் பதினாறு மாதத் தரவை வைத்திருப்பதால், சென்ற டிசம்பரையும் அதன் அருகே வைத்துப் பார்க்க முடியும். இரண்டிலும் ஒரே சொற்றொடர் எழுந்தால் அதற்கான பக்கத்தை அடுத்த ஆண்டு அக்டோபர் முடிவதற்குள் எழுதி ஏற்றிவிடுங்கள். குளிர் வந்தபின் ஏற்றினால், கூகுள் அதை எடுத்துக் காட்டத் தொடங்குவதற்குள் தை பிறந்துவிடும்.